க்ளிக் வராத தேடல்: பதில் கூகுளிலேயே கிடைத்துவிட்டால் எழுதுகிறவருக்கு என்ன மிச்சம்?

"திங்கட்கிழமை ராகு காலம்" என்று கூகுளில் தட்டுகிறவருக்கு வேண்டியது ஒரே வரி: காலை 7.30 முதல் 9 வரை. அந்த வரி தேடல் முடிவுகளின் உச்சியிலேயே தெரிந்துவிட்டால் அவர் எந்தத் தளத்துக்கும் போகப்போவதில்லை. பார்த்தார், தெரிந்துகொண்டார், போனை வைத்துவிட்டார். அந்த நேரத்தைத் தன் பக்கத்தில் எழுதி வைத்திருந்த தளக்காரருக்கு ஒரு வாசகர் குறைந்தார். இன்றைய தங்கம் விலை, அமாவாசை எப்போது, ஒரு கிராமில் எத்தனை மில்லிகிராம் என்று இப்படி முடிந்துபோகும் தேடல்கள் ஏராளம். இவற்றுக்கு எஸ்.இ.ஓ. வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் பெயர் ஜீரோ க்ளிக்.

இது திடீரென்று வந்ததில்லை. 2012இல் கூகுள் 'நாலெட்ஜ் கிராஃப்' என்ற தகவல் களஞ்சியத்தை அறிமுகப்படுத்தி, ஊர், ஆள், படம் பற்றிய விவரங்களைத் தேடல் முடிவுகளின் பக்கவாட்டில் பெட்டி போட்டுக் காட்டத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில், ஏதோ ஒரு தளத்திலிருந்து இரண்டு மூன்று வரிகளை எடுத்து உச்சியில் காட்டும் 'ஃபீச்சர்ட் ஸ்னிப்பெட்' வந்தது. 2024 மே மாதம் அமெரிக்காவிலும் அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தியா உள்ளிட்ட நாடுகளிலும் 'ஏஐ ஓவர்வியூ' வந்தது. முந்தைய பெட்டி ஒரு தளத்தின் வரியை அப்படியே எடுத்துக் காட்டியது. இது பல தளங்களைப் படித்துத் தன் நடையில் ஒரு சுருக்கம் எழுதி, ஓரத்தில் சில இணைப்புகளை வைக்கிறது.

அளவு எவ்வளவு என்று இரண்டு ஆய்வுகள் சொல்கின்றன. ஸ்பார்க்டோரோ நிறுவனத்தின் ராண்ட் ஃபிஷ்கின் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, அமெரிக்காவில் நடக்கும் கூகுள் தேடல்களில் 58.5 சதவீதம் க்ளிக் இல்லாமலே முடிகின்றன. ஆயிரம் தேடலுக்கு ஏறத்தாழ 360 க்ளிக்தான் கூகுளுக்கு வெளியே உள்ள பொதுத் தளங்களுக்குப் போகிறது. 2025 ஜூலையில் வந்த பியூ ஆய்வு மையத்தின் அறிக்கை, அமெரிக்காவில் 900 பேரின் மார்ச் மாதத் தேடல்களைப் பார்த்தது. ஏஐ சுருக்கம் இல்லாத பக்கங்களில் வழக்கமான முடிவுகளில் ஒன்றைத் தட்டியது 15 சதவீத முறை. சுருக்கம் இருந்தபோது அது 8 சதவீதம். சுருக்கத்துக்குள்ளேயே இருக்கும் இணைப்பைத் தட்டியதோ 1 சதவீதம்தான்.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒரு நிதானம் வேண்டும. க்ளிக் இல்லாமல் முடிந்த எல்லாத் தேடலும் யாரோ ஒரு எழுத்தாளரிடமிருந்து பறிக்கப்பட்டதாக ஆகாது. எழுத்துப்பிழையைத் திருத்தி மறுபடி தேடியவரும், கூகுளைக் கால்குலேட்டராகப் பயன்படுத்தியவரும் அந்தக் கணக்கில்தான் வருகிறார்கள். ஆனாலும் ஒரு வலைப்பதிவை நடத்துகிறவருக்கு இதில் உண்மையான இழப்பு இருக்கிறது. எந்த எழுத்தில் இழப்பு, எதில் இல்லை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். சில இடங்களில் கூடுதலாகவே சம்பாதிக்கலாம்.

ஓர் எண்ணை நம்பியிருந்த தளம்

இழப்பு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அமெரிக்காவின் 'செலிபிரிட்டி நெட் வொர்த்' தளத்தின் கதை போதும். பிரபலங்களின் சொத்து மதிப்பு எவ்வளவு என்று மதிப்பிட்டு எழுதுவதுதான் பிரையன் வார்னர் தொடங்கிய அந்தத் தளத்தின் வேலை. பொதுவில் கிடைக்காத எண்கள் அவை. வீடு, சம்பளம், ஒப்பந்தம் என்று துருவிப் பார்த்து, ஆள் வைத்துக் கணக்கிட்டுப் போட்டார்கள்.

2014இல் கூகுளிலிருந்து அவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்கள் எண்களை நாங்கள் நேரடியாக எடுத்துக்கொள்ள வழி செய்து தருவீர்களா என்பதுதான் கேள்வி. தேடல் பக்கத்திலேயே எண்ணைக் காட்டிவிட்டால் என் தளத்துக்கு யார் வருவார்கள் என்று அவர் மறுத்துவிட்டார். 2016 பிப்ரவரியில், அனுமதி கேட்கும் பேச்சே இல்லாமல், அவர் தளத்தில் இருந்த பிரபலங்களின் மதிப்பு ஸ்னிப்பெட் பெட்டியில் வரத் தொடங்கியது. ஓராண்டில் தளத்துக்கு வருகிறவர்கள் 65 சதவீதம் குறைந்தார்கள்; ஊழியர்களில் பலரை அவர் வேலையை விட்டு அனுப்ப வேண்டியதாயிற்று.

எண்கள் தன்னிடமிருந்துதான் போகின்றனவா என்று உறுதிப்படுத்த அவர் ஒரு காரியம் செய்தார். இல்லாத பிரபலங்கள் 25 பேரைக் கற்பனையாக உருவாக்கி, அவர்களுக்கும் சொத்து மதிப்பு எழுதித் தளத்தில் போட்டார். அதில் 10 பேருக்குக் கூகுள் பெட்டி போட்டுப் பதில் காட்டியது. 2017இல் 'தி அவுட்லைன்' இதழ் இந்தக் கதையை எழுதியது; பிறகு அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஏகபோக விசாரணைக் குழுவிடமும் வார்னர் இதைச் சொன்னார்.

இதில் அநியாயம் யார் பக்கம் என்பது தனி விவாதம். தொழில் நோக்கில் பார்த்தால் வேறொன்று கண்ணில் படுகிறது. அந்தத் தளத்தில் உழைப்பு முழுவதும் எண்ணைக் கண்டுபிடிப்பதில் போயிருந்தது. வாசகரோ அந்த எண்ணை மட்டும் பார்க்க வந்தார். ஒரே எண்ணில் பக்கத்தின் பயன் முழுவதும் அடங்கிவிட்டதால், எண் வெளியே போனதும் பக்கத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. எண்ணைப் பார்த்த பிறகு வாசகருக்கு அடுத்ததாக ஒரு கேள்வி எழுந்து, அதற்கும் அந்தப் பக்கத்தில் பதில் இருந்திருந்தால் சேதம் இவ்வளவு இருந்திருக்காது.

அடுத்த கேள்வி இருக்கிறதா?

நம் வலைப்பதிவில் உள்ள ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்து இதைத்தான் கேட்க வேண்டும். பதில் கிடைத்தவுடன் வாசகரின் வேலை முடிகிறதா, அல்லது அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அவர் இன்னொன்றைச் செய்ய வேண்டியிருக்கிறதா?

ஒரு சமையல் வலைப்பதிவை எடுத்துக்கொள்வோம். "இட்லி மாவு எத்தனை மணி நேரம் புளிக்க வேண்டும்" என்பது அதில் ஒரு பக்கம். எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் என்று மேலேயே தெரிந்துவிட்டால் பெரும்பாலானவர்களுக்கு அது போதும். "இட்லி மாவு புளிக்கவில்லை, என்ன செய்வது" என்பது இன்னொரு பக்கம். இதைத் தேடுகிறவர் மாவுப் பாத்திரத்தின் முன்னால் நிற்கிறார். இரவு அரைத்து வைத்த மாவு காலையில் அப்படியே கிடக்கிறது. குளிராலா, உளுந்து பழசா, கிரைண்டரில் மாவு சூடாகிவிட்டதா, தண்ணீர் அதிகமா, இன்னும் நாலு மணி நேரம் வைக்கலாமா, இல்லை தோசைக்குத் திருப்பிவிடலாமா? ஏஐ சுருக்கம் இந்தக் காரணங்கள் நான்கையும் வரிசையாகச் சொல்லிவிடும். தன்னுடைய பாத்திரத்தில் இருப்பது அந்த நான்கில் எது என்று கண்டுபிடிக்க அவருக்குப் படம் வேண்டும், அடையாளம் வேண்டும், தன்னைப் போலவே மாட்டிக்கொண்ட இன்னொருவர் என்ன செய்தார் என்பது வேண்டும். அதற்கு அவர் உள்ளே வந்துதான் ஆக வேண்டும்.

முதல் வகைத் தேடலில் போன க்ளிக் திரும்பி வராது. அதைத் திரும்பப் பிடிக்க எழுதிக்கொண்டிருப்பது வீண். இரண்டாவது வகையில்தான் எழுதுகிறவருக்கு இடம் இருக்கிறது.

கன்சோல் சொல்லும் கதை

எந்தப் பக்கம் எந்த வகை என்று ஊகிக்க வேண்டியதில்லை. கூகுள் சர்ச் கன்சோல் இலவசம். 16 மாதக் கணக்கு அதில் இருக்கும். Performance பக்கத்தைத் திறந்து, க்ளிக், இம்ப்ரெஷன், க்ளிக் விகிதம், சராசரி இடம் என்ற நான்கு கட்டங்களையும் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். தேதி வடிகட்டியில் Compare போய், கடந்த மூன்று மாதத்தைச் சென்ற ஆண்டின் அதே மூன்று மாதத்தோடு ஒப்பிடுங்கள். போன மாதத்தோடு ஒப்பிட்டால் பண்டிகை, கோடை விடுமுறை எல்லாம் கலந்து குழப்பும்.

க்ளிக் குறைந்ததற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். எண்கள் அவற்றைப் பிரித்துக் காட்டும். இம்ப்ரெஷனும் குறைந்து, சராசரி இடம் மாறாமல் இருந்தால் அந்த விஷயத்தைத் தேடுகிறவர்களே குறைந்துவிட்டார்கள். சராசரி இடம் 3இலிருந்து 9க்குப் போயிருந்தால் வேறு தளங்கள் உங்களை முந்திவிட்டன. அது பழைய எஸ்.இ.ஓ. பிரச்சினை. இடம் அப்படியே இருக்க, இம்ப்ரெஷனும் அப்படியே அல்லது கூடியிருக்க, க்ளிக் மட்டும் சரிந்திருந்தால் பதில் மேலேயே கொடுக்கப்படுகிறது என்று பொருள். வரைபடத்தில் இம்ப்ரெஷன் கோடு மேலே போக, க்ளிக் கோடு கீழே போக, நடுவில் இடைவெளி விரியும். தொழிலில் இருப்பவர்கள் இதை முதலை வாய் என்கிறார்கள்.

நம் சமையல் வலைப்பதிவுக்கு உதாரணமாகச் சில எண்களை இட்டுப் பார்க்கலாம். "எத்தனை மணி நேரம்" என்ற தேடலில் சென்ற ஆண்டு 10,000 இம்ப்ரெஷன், 900 க்ளிக். க்ளிக் விகிதம் 9 சதவீதம். இந்த ஆண்டு 12,000 இம்ப்ரெஷன், 240 க்ளிக். விகிதம் 2 சதவீதம். சராசரி இடமோ முன்பைவிட நன்றாகவே இருக்கிறது. "புளிக்கவில்லை" என்ற தேடலில் சென்ற ஆண்டு 3,000 இம்ப்ரெஷனுக்கு 360 க்ளிக். இந்த ஆண்டு 3,100க்கு 330. முதலாவதில் க்ளிக் நான்கில் ஒரு பங்காகிவிட்டது. இரண்டாவது பெரிதாக அசையவில்லை.

இரண்டு இடங்களில் கன்சோல் ஏமாற்றும். முதலாவது, ஏஐ ஓவர்வியூவில் வரும் இணைப்புகளுக்கு அது தனிக் கணக்குக் காட்டுவதில்லை; வழக்கமான தேடல் கணக்கோடு சேர்த்துவிடுகிறது. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் எல்லா இணைப்புக்கும் பெட்டியின் இடமே இடமாகப் பதிவாகும். பெட்டி உச்சியில் இருந்தால், அதில் ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கும் உங்கள் இணைப்புக்கும் முதல் இடம்தான். எனவே சராசரி இடம் முன்னேறியிருக்கிறது என்று மகிழ்வதற்கு முன் க்ளிக்கைப் பாருங்கள். இரண்டாவது, 2025 செப்டம்பரில் ஒரே பக்கத்தில் 100 முடிவுகளைக் காட்டும் வசதியைக் கூகுள் எடுத்துவிட்டது. தரவரிசை பார்க்கும் மென்பொருள்கள் அதைப் பயன்படுத்தித் துழாவியபோது உண்டான இம்ப்ரெஷன்கள் அந்த மாதத்தோடு நின்றன. அந்தத் தேதியைத் தாண்டி ஒப்பிடும்போது இம்ப்ரெஷன் சரிந்ததுபோலவும் இடம் முன்னேறியதுபோலவும் தெரியலாம். நிஜ வாசகர் யாரும் அதனால் போகவில்லை; க்ளிக் எண்ணிக்கை அப்படியே இருப்பதை வைத்து இதைக் கண்டுகொள்ளலாம்.

பக்கத்தை மாற்றி எழுதுவது

சரிந்த பக்கத்தை அழிக்க வேண்டாம். 12,000 முறை அது கண்ணில் படுகிறது. பதிலைக் கடைசிவரை ஒளித்து வைத்து இழுத்தடிக்கும் உத்தியும் உதவாது. நீங்கள் ஒளித்தால் பெட்டி அடுத்த தளத்தின் வரியை எடுத்துக் காட்டும், அவ்வளவுதான். பதிலை முதல் பத்தியிலேயே கொடுத்துவிட்டு, அந்தப் பதிலிலேயே அடுத்த கேள்வியின் நுனி தெரியும்படி எழுதுவதுதான் வழி.

பழைய பக்கம் இப்படித் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம்: "இட்லி தமிழர்களின் பாரம்பரிய உணவு. மாவை எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் புளிக்க வைக்க வேண்டும்." பெட்டி இதை எடுத்துக்கொண்டால் யார் எழுதியது என்பதற்கு அதில் தடயமே இல்லை, நூறு தளங்களில் இதே வரி உண்டு. இதையே இப்படி மாற்றலாம்: "அறை 30 டிகிரி இருந்தால் 8 மணி நேரம் போதும், 22 டிகிரிக்குக் கீழே போனால் 14 மணி நேரத்துக்கு மேல் ஆகும். மணியைப் பார்ப்பதைவிட மாவு ஒன்றரை மடங்குக்கு மேல் எழும்பியிருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் சமையலறையில் நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போட்டு, மாதவாரியாகக் குறித்த நேரங்கள் கீழே அட்டவணையில் உள்ளன." இப்போது பதில் முழுசாகவே இருக்கிறது. கூடவே, உங்கள் அறைக்கு எவ்வளவு என்ற கேள்வி எழுகிறது. அதற்கான அட்டவணை உள்ளே இருக்கிறது. அந்த அட்டவணையைச் சொந்தமாகக் குறித்து வைத்தவர் நீங்கள் மட்டும்தான்.

அதற்குக் கீழே பெட்டிக்குள் அடங்காதவை வர வேண்டும். நாலாவது மணியில், எட்டாவது மணியில், பன்னிரண்டாவது மணியில் அதே பாத்திரத்தை அதே கோணத்தில் எடுத்த மூன்று படங்கள். ஒரு கரண்டி மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்கும் மாவும் மூழ்கும் மாவும் எப்படித் தெரியும் என்பதற்கு ஒரு படம். புளிக்காத மாவுக்கான காரணங்களைப் பட்டியலாக அடுக்காமல், அடையாளத்திலிருந்து தொடங்கிச் சொல்வது: மாவு அரைத்து முடித்ததும் கைக்குச் சூடாக இருந்ததா? அப்படியானால் கிரைண்டர், அடுத்த முறை ஐஸ் தண்ணீர் விட்டு அரையுங்கள். மாவு எழும்பாமல் மேலே தண்ணீர் பிரிந்து நிற்கிறதா? தண்ணீர் அதிகம். நுரை வந்திருக்கிறது, எழும்பத்தான் இல்லை என்றால் நேரம் போதவில்லை. டொரன்டோவில் ஜனவரி மாதம் மாவு அரைக்கிற தமிழர்களுக்கு இதெல்லாம் தாண்டி வேறு பிரச்சினை. ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைக்கும் முறைக்கு ஒரு தனிப் பகுதி. வாசகர் கருத்துகளில் இருந்தே இத்தகைய பகுதிகளுக்கான கேள்விகள் கிடைக்கும். கன்சோலின் Queries பட்டியலிலும் நீளமான தேடல்களாக அவை கிடக்கும்.

எல்லாப் பக்கத்தையும் இப்படி மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். இம்ப்ரெஷன் அதிகம், க்ளிக் சரிவு அதிகம், அடுத்த கேள்வியும் உண்டு என்று மூன்றும் சேர்ந்த பத்துப் பக்கங்களை எடுத்தால் போதும். "ஒரு ஆழாக்கு எத்தனை மில்லி" போன்ற பக்கத்துக்கு அடுத்த கேள்வி கிடையாது. அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

பூட்டலாமா?

பதிலை எடுக்கவே விடாமல் தடுக்க முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். ஓரளவு முடியும். வார்னருக்கு 2016இல் கிடைக்காத ஒரு வசதி 2019இலிருந்து இருக்கிறது: பக்கத்தில் எவ்வளவு எழுத்தை முன்னோட்டமாகக் காட்டலாம் என்பதையும் எந்தப் பகுதியைக் காட்டவே கூடாது என்பதையும் தளக்காரரே சொல்லலாம்.

```html
<meta name="robots" content="max-snippet:160">
<div data-nosnippet> அட்டவணை இங்கே </div>
```

முதல் வரி, இந்தப் பக்கத்திலிருந்து 160 எழுத்துக்குமேல் முன்னோட்டத்தில் காட்டாதே என்கிறது. இரண்டாவது, இந்தக் கட்டத்துக்குள் இருப்பதை எடுக்காதே என்கிறது. இதை div, span, section ஆகிய மூன்றில் மட்டும்தான் போடலாம், p-யில் போட்டால் பயன் இல்லை. ஏஐ ஓவர்வியூவுக்கும் இவை பொருந்தும். robots.txt கோப்பில் Google-Extended என்பதைத் தடுத்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது கூகுளின் ஜெமினி மாதிரிகள் சம்பந்தப்பட்டது. தேடலில் வரும் சுருக்கத்தை அது தடுக்காது.

ஆனால் பூட்டுக்கு விலை உண்டு. முழுப் பக்கத்துக்கும் `nosnippet` போட்டால் தேடல் முடிவில் உங்கள் தலைப்புக்குக் கீழே விவர வரியே இருக்காது. வழக்கமாக வருகிற க்ளிக்கும் குறையும். அதோடு, இட்லி மாவுக்கு எத்தனை மணி நேரம் என்ற பொதுத் தகவலைப் பூட்டினால் கூகுள் வேறொரு தளத்திலிருந்து அதை எடுத்துக்கொள்ளும்; உங்கள் பெயர் மட்டும் காணாமல் போகும். அதனால் பொதுத் தகவலைத் திறந்து வைத்துவிட்டு, வேறெங்கும் கிடைக்காத உங்கள் சொந்தக் குறிப்பை, இங்கே அந்த மாதவாரி அட்டவணையை, மட்டும் பூட்டுவது பொருத்தம். பூட்டிய பிறகு ஆறு வாரம் கழித்து அந்தப் பக்கத்தின் க்ளிக் விகிதத்தைப் பாருங்கள். ஏறவில்லை என்றால் பூட்டை எடுத்துவிடலாம்.

லாபத்தை எங்கே எண்ணுவது

க்ளிக்கை மட்டும் எண்ணினால் இந்த வேலையெல்லாம் தோல்வியாகவே தெரியும். வேறு இரண்டு இடங்களில் எண்ண வேண்டும்.

முதலாவது, உங்கள் பெயரைச் சொல்லித் தேடுகிறவர்கள். பதில் பெட்டியில் உங்கள் தளத்தின் பெயர் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டால், அடுத்த முறை சிலர் பெயரோடு தேடுவார்கள். பெயரோடு தேடியவர் பெரும்பாலும் உங்களிடம்தான் வருவார். அவருக்குக் கூகுள் வழிகாட்டி மட்டும். தமிழ்த் தளங்களுக்கு இதை எண்ணுவதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே பெயரைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும், சேர்த்தும் பிரித்தும் தட்டுவார்கள். நம் வலைப்பதிவின் பெயர் 'மாவுக்குறிப்பு' என்றால், கன்சோலில் Queries வடிகட்டியில் Custom (regex) எடுத்து இப்படிக் கொடுத்தால் எல்லாம் ஒன்றாக வந்துவிடும்:

```
மாவுக்குறிப்பு|மாவு குறிப்பு|maavu ?kurippu|mavu ?kurippu
```

மூன்று மாதத்துக்கு 40ஆக இருந்த இந்த இம்ப்ரெஷன் 130 ஆனால், பெட்டியில் பெயர் தெரிந்ததில் ஏதோ பலன் இருக்கிறது என்று கொள்ளலாம். ஓராண்டாக அசையவே இல்லையென்றால் பெட்டியில் வருவது உங்களுக்கு எதையும் தரவில்லை. பியூ ஆய்வின் அந்த 1 சதவீதத்தை நினைத்தால் இந்த இரண்டாவது முடிவுக்கும் தயாராக இருக்க வேண்டும்.

இரண்டாவது, வந்தவரில் எத்தனை பேர் திரும்ப வரும் வழியைக் கையோடு கொண்டுபோனார்கள் என்பது. மின்னஞ்சல் கடிதம், வாட்ஸ்அப் சேனல், யூடியூப், எதுவாகவும் இருக்கலாம். பக்கத்தின் தலையில் பெரிதாக ஒரு 'சப்ஸ்கிரைப்' பெட்டி வைத்தால் அதை மூடுவதற்குத்தான் ஆள் வருவார்கள். மாவுக்கு என்ன கோளாறு என்று கண்டுபிடித்த இடத்துக்குக் கீழே, "இந்த வெப்பநிலை அட்டவணையை அச்செடுத்துச் சமையலறையில் ஒட்டிக்கொள்ள வேண்டுமா? மின்னஞ்சலில் அனுப்புகிறோம்" என்று ஒரு வரி இருந்தால் அது அந்த நேரத்துக்கு வேண்டியது.

இதைப் பணமாக எண்ணிப் பார்ப்போம். விளம்பரத்தில் ஆயிரம் பார்வைக்கு 50 ரூபாய் வருகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், "எத்தனை மணி நேரம்" பக்கத்தில் மூன்று மாதத்தில் போன 660 க்ளிக்கின் விலை 33 ரூபாய். "புளிக்கவில்லை" பக்கத்துக்கு வந்த 330 பேரில் நூற்றுக்கு மூன்று பேர் மின்னஞ்சல் கொடுத்தால் பத்துப் பேர். அந்தப் பத்தில் ஒருவர் ஆண்டு முடிவதற்குள் உங்கள் 200 ரூபாய் மின்னூலையோ ஞாயிற்றுக்கிழமை ஆன்லைன் வகுப்பையோ வாங்கினாலே போன 33 ரூபாயை அது ஆறு மடங்கு தாண்டிவிடுகிறது. பதிலை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர் விளம்பரத்துக்கும் அதிகம் பயன்படாதவர்தான். சிக்கலோடு வந்தவர்தான் நின்று படிக்கிறார், வாங்குகிறார்.

ஆனால் இந்தக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. விற்பதற்கு எதுவும் இல்லாமல், மாதம் பத்து லட்சம் பார்வையை விளம்பரமாக்கிப் பிழைக்கும் தளத்துக்கு 33 ரூபாய்கள் ஆயிரம் பக்கத்தில் சேர்ந்தால் ஒரு சம்பளம். ராகு காலம், தங்கம் விலை, அளவு மாற்றம் என்று ஒற்றை வரிப் பதில்களை மட்டுமே வைத்திருக்கும் தளத்தைப் பக்க மாற்றத்தால் மீட்க முடியாது. அங்கே மாற வேண்டியது தொழில். தங்கம் விலையைப் போடுகிறவர், செய்கூலி, சேதாரம், ஜி.எஸ்.டி. சேர்த்து கடைக்காரர் தரும் பில் சரியா என்று பார்க்கும் கணக்குப் பெட்டியை வைக்கலாம்; விலையைத் தெரிந்துகொண்டவருக்கு அடுத்து எழும் கேள்வி அது. அதையும் ஒருநாள் கூகுள் தன் பக்கத்திலேயே செய்துகொடுக்கலாம். அப்போது அதற்கடுத்த கேள்விக்கு நகர வேண்டியிருக்கும்.

இன்றே தொடங்குகிறவருக்கு ஒரு வேலைத் திட்டம் போதும். கன்சோலில் ஆண்டு ஒப்பீட்டை எடுத்து, இடம் மாறாமல் க்ளிக் மட்டும் சரிந்த பக்கங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றில் அடுத்த கேள்வி உள்ள பத்தை மட்டும் மாற்றி எழுதுங்கள். மூன்று மாதம் கழித்துப் பெயர் சொல்லித் தேடியவர்கள், மின்னஞ்சல் கொடுத்தவர்கள் என்ற இரண்டு எண்ணை மட்டும் பாருங்கள். இரண்டும் ஏறியிருந்தால் அடுத்த பத்துக்குப் போகலாம். ஏறவில்லை என்றால், நீங்கள் எழுதிய அடுத்த கேள்வி வாசகருடையதாக இல்லாமல் உங்களுடையதாக இருந்திருக்கலாம். கருத்துப் பகுதியையும் நீளமான தேடல்களையும் திரும்பப் படித்து வேறொன்றைத் தேர்ந்தெடுங்கள்.